ஃபெரிட்டின் நார்மல் என்று வந்தால் இரும்புச்சத்து போதுமா?

ரத்தசோகைக்காக எடுக்கும் இரும்புச்சத்து பரிசோதனைகளில் அதிகம் ஏமாற்றுவது, உடலில் இரும்பைச் சேமித்து வைக்கும் புரதமான ஃபெரிட்டின்தான். பல வருடமாக முடக்குவாதம் என்ற மூட்டு அழற்சி நோய் உள்ள ஒரு பெண்ணின் ரிப்போர்ட் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ஹீமோகுளோபின் 9.2, ரத்தத்தில் இரும்பு 28, டிஐபிசி எனப்படும் இரும்பைப் பிடிக்கும் திறன் 240, ஃபெரிட்டின் 68, அழற்சியைக் காட்டும் சிஆர்பி 42.

லேபின் அளவுகோலில் 68 நார்மல். "இரும்பு இருக்கிறது, இது நாள்பட்ட நோயால் வந்த சோகை" என்று முடித்துவிடுவதுதான் முதல் தவறு. ஃபெரிட்டின் உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும், சரி. ஆனால் அழற்சி இருந்தால், கையிருப்பு குறைந்திருந்தாலும் அதன் அளவு ஏறிவிடும். அதனால் அழற்சி இல்லாதவருக்கு 30-க்குக் கீழே போனால் குறைபாடு என்கிறோம். அழற்சி உள்ளவருக்கு 100-க்குக் கீழே இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். சிஆர்பி பார்க்காமல் ஃபெரிட்டினைப் படிப்பதில் அர்த்தமில்லை.

இதற்கு நேரெதிர் தவறு, இரும்பு 28 என்பதை மட்டும் பார்த்து மாத்திரை எழுதுவது. அழற்சியின்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கும். அது குடலிலும் சேமிப்பு செல்களிலும் இரும்பு வெளியேறும் வழியை அடைத்துவிடும். கையிருப்பு நிறைய இருந்தும் ரத்தத்தில் இரும்பு குறைவதற்கு அதுவே காரணம். போதாததற்கு, முந்தைய நாள் விழுங்கிய இரும்பு மாத்திரைகூட இந்த எண்ணை ஏற்றிக் காட்டும்.

ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் டிரான்ஸ்ஃபெரின். அதில் எவ்வளவு இரும்பு ஏறியிருக்கிறது என்று சொல்லும் டிரான்ஸ்ஃபெரின் செறிவைக் கணக்கிடுவோம்: 28-ஐ 240-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் சுமார் 12 சதவீதம். 20-க்குக் கீழே என்றால் எலும்பு மஜ்ஜைக்கு இரும்பு போதுமான அளவு போய்ச் சேரவில்லை என்று பொருள். ஏன் சேரவில்லை என்பதை இந்த எண் சொல்லாது. இரும்புக் குறைபாட்டுச் சோகை, அழற்சியால் வரும் சோகை இரண்டிலும் இது குறையும். பிரித்துக் காட்டுவது டிஐபிசி. வெறும் இரும்புக் குறைபாட்டில் அது 400-ஐத் தாண்டி ஏறும், அழற்சியில் இறங்கும். இரண்டும் சேர்ந்திருந்தால் ஏற வேண்டியது ஏறாமல் நின்றுவிடும். ஆகவே 240-ஐக் காட்டி "குறைபாடு இல்லை" என்று சொல்ல முடியாது.

இந்தப் பெண்ணுக்குப் பெரும்பாலும் இரண்டுமே இருக்கிறது. அப்புறம் கேட்க வேண்டிய கேள்வி, இரும்பு எங்கே போகிறது? மூட்டுவலிக்காக நாள்தோறும் வலிமாத்திரை சாப்பிடுபவர் என்றால் வயிற்றில் புண்ணாகி, கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியலாம். மாதவிடாய்ப் போக்கையும் விசாரிக்க வேண்டும். ஹெப்சிடின் குடலை அடைத்திருப்பதால் மாத்திரை சரியாக ஏறாமல் போகலாம். அப்போது மருத்துவர் நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவார். ஏற்றிய கையோடு ஃபெரிட்டின் எடுத்துப் பார்ப்பவர்களும் உண்டு. அப்போது அது சில நூறுகளில் நிற்கும். குறைந்தது நான்கு வாரமாவது விட்டு எடுத்தால்தான் அந்த எண்ணை நம்பலாம்.