கண்ணில் தூசு விழுந்தால்: கசக்காமல் வெளியேற்றும் முறை

கண்ணில் ஏதோ விழுந்த அடுத்த நொடி கை தானாகவே கண்ணுக்குப் போகும். அந்தக் கையைத் தடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்குச் சுத்தமான தண்ணீரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

ஏன் கசக்கக் கூடாது? கருவிழியை மூடியிருக்கும் தெளிவான படலத்தின் தடிமன் நடுப்பகுதியில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். உடம்பிலேயே நரம்பு முனைகள் மிக நெருக்கமாக உள்ள இடங்களில் அதுவும் ஒன்று. அதனால்தான் கண்ணுக்கே தெரியாத ஒரு துகள்கூடப் பெரிய கல் போல உறுத்துகிறது. மணல் துகளுக்குக் கூரான முனைகள் உண்டு. கசக்கும்போது இமை அந்தத் துகளை அழுத்திக்கொண்டு உப்புத்தாள் மாதிரி படலத்தைத் தேய்க்கிறது. கண்ணீரோடு தானாக வெளியே வந்திருக்க வேண்டிய துகள், அழுத்தத்தால் படலத்திலேயே குத்தி நின்றுவிடவும் கூடும்.

ஒரு சம்பவத்தை வைத்துப் பார்ப்போம். சாயங்காலம் ஒருவர் ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு, மணல் லாரிக்குப் பின்னால் பைக்கில் வருகிறார். வலது கண்ணில் துகள் விழுந்துவிட்டது. அவர் என்னென்ன செய்ய வேண்டும்?

முதலில், நிறுத்துங்கள்

வண்டியை ஓரம் கட்டுங்கள். கண்ணை இறுக்காமல் லேசாக மூடி, கண்ணீர் ஊற விடுங்கள். பிறகு படபடவென்று சில தடவை இமையுங்கள். கண்ணீர் மூக்குப் பக்கத்து ஓரத்தை நோக்கித்தான் ஓடும். பல சமயம் துகளும் அதோடு அந்த ஓரத்துக்கு வந்து நின்றுவிடும்.

அடுத்து, கையைக் கழுவிவிட்டுப் பாருங்கள்

உறுத்தல் போகவில்லையா? சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, கீழிமையைக் கீழே இழுத்து மேலே பாருங்கள். கீழிமையின் உட்புறத்திலோ வெள்ளை விழியிலோ துகள் தெரிந்தால், சுத்தமான துணியின் நனைத்த நுனியால் மெல்லத் தொட்டு எடுக்கலாம். கருவிழியின் மேல் இருந்தால் தொடவே தொடாதீர்கள். துணி, பஞ்சு, நகம், குண்டூசி எதுவும் அங்கே போகக் கூடாது.

பிறகு, கழுவுங்கள்

கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர், குடிதண்ணீர், மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சலைன் பாட்டில் மூன்றில் எது கையில் இருக்கிறதோ அது போதும். வீட்டிலேயே உப்புக் கரைத்துத் தயாரிக்க வேண்டாம், அளவு தப்பினால் எரிச்சல்தான் மிஞ்சும். தண்ணீர் சில்லென்று இல்லாமல் சாதாரணச் சூட்டில் இருந்தால் கண்ணைத் திறந்து வைக்க முடியும்.

வலது கண் என்றால் தலையை வலப்பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள். மூக்குப் பக்கத்து ஓரத்திலிருந்து தண்ணீர் மெல்லிய ஒழுக்காக விழுந்து, காதுப் பக்கமாக வழிய வேண்டும். அப்போதுதான் அழுக்கு நீர் நல்ல கண்ணுக்குள் போகாது. இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, விழியை மேலும் கீழும் பக்கவாட்டிலும் உருட்டுங்கள். நடுநடுவே இமையுங்கள். சில நிமிடம் விடாமல் செய்யுங்கள், ஒரு லிட்டர் வரை செலவானாலும் பரவாயில்லை. குழாயைத் திருகி வேகமாகப் பீய்ச்சுவதும், கையில் அள்ளி அடிப்பதும் வேண்டாம்.

தனியாகச் செய்பவருக்குச் சின்ன டம்ளர் உதவும். அதில் தண்ணீர் நிரப்பி, விளிம்பைக் கண்ணுக்குக் கீழே உள்ள எலும்பில் பதித்து, கண்ணைத் திறந்தபடி மெதுவாகச் சாய்த்து ஊற்றலாம்.

கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் உறுத்துகிறது

அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். மேலிமையின் உட்புறத்தில், விளிம்புக்குச் சற்று உள்ளே மெல்லிய பள்ளம் ஒன்று ஓடுகிறது. துகள் அதில் ஒட்டிக்கொண்டால் வெளியே தெரியாது. கண்ணை மூடி அசையாமல் இருந்தால் ஓரளவு நிம்மதி. ஒவ்வொரு இமைப்புக்கும் மேலே சுருக்கென்று குத்தும். இப்படி இருந்தால் மேலிமையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கீழே பார்த்தபடி, மேலிமையின் ரோமங்களை விரலால் பிடித்து லேசாக முன்னால் இழுத்து, கீழிமையின் மேல் படியுமாறு இறக்குங்கள். ஓரிரு நொடி பிடித்துவிட்டு விடுங்கள். இமை திரும்பப் போகும்போது கீழிமை ரோமங்கள் உட்புறத்தைப் பெருக்கிவிடும். இரண்டு மூன்று முறை செய்து மறுபடி கழுவுங்கள். பைக்கில் வந்த நம் ஆளுக்குப் பெரும்பாலும் இத்தோடு தீர்ந்துவிடும். தீரவில்லை என்றால் வீட்டு முயற்சியை நிறுத்திவிட வேண்டும், ஏனென்றால் இமைக்கும் ஒவ்வொரு தடவையும் துகள் கருவிழியில் கோடு கிழிக்கிறது.

நாக்கால் எடுப்பது, வாயால் ஊதுவது, தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விடுவது எல்லாம் அக்கறையோடு செய்யப்படுபவைதான். ஆனால் கீறல் விழுந்த கண்ணில் வாயின் கிருமிகளும் சுத்தம் உறுதியில்லாத எண்ணெயும் சேர்ந்தால், ஓரிரு நாளில் ஆறவேண்டிய புண் சீழ்ப்புண்ணாக மாறலாம். தயவுசெய்து இவற்றை விட்டுவிடுங்கள்.

விழுந்தது மணல் இல்லை என்றால்

சுண்ணாம்பு, சிமெண்ட், ஆசிட் போன்றவை என்றால் ஒரு நொடியும் யோசிக்க வேண்டாம். கிடைக்கும் சுத்தமான தண்ணீரால் உடனே கழுவத் தொடங்கி, குறைந்தது அரை மணி நேரம் கழுவுங்கள். சுண்ணாம்புக் கட்டி தெரிந்தால் அதையும் சேர்த்து அகற்றுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தைகள் அழுத்தி விளையாடும்போது வெடித்துக் கண்ணில் தெறிப்பது உண்டு. உடனே கழுவாவிட்டால் பார்வையே போகலாம். கழுவியபின் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும், வலி குறைந்திருந்தாலும்.

கிரைண்டிங் செய்யும்போதோ, சுத்தியலால் உளியை அடிக்கும்போதோ தெறித்த இரும்புத் துணுக்கு கண்ணுக்குள்ளேயே துளைத்துப் போயிருக்கலாம். வலி குறைவாக இருப்பதை நம்ப வேண்டாம். கழுவாதீர்கள், அழுத்தாதீர்கள். காகிதக் கப்பின் அடிப்பாகத்தை வெட்டியெடுத்து, அதைக் கண்ணில் படாமல் மேலே கவிழ்த்து டேப் போட்டு ஒட்டி, உடனே கண் மருத்துவமனைக்குப் போங்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் வழியில் எதுவும் சாப்பிடவும் குடிக்கவும் வேண்டாம்.

நெல் தூற்றும்போது விழும் உமியும், முகத்தில் அடிக்கும் கரும்புத் தோகையும் இன்னொரு வகை. இவற்றால் விழும் கீறலில் பூஞ்சை தொற்றலாம். உறுத்தல் போய்ச் சில நாள் கழித்து மறுபடி சிவந்து வலித்தால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி விடாதீர்கள். சிவப்பு அடங்கியது போலத் தெரியும், உள்ளே பூஞ்சை வளர்ந்துகொண்டிருக்கும்.

எப்போது மருத்துவரிடம் போவது?

துகள் வெளியேறிய பின்னும் சிறிது நேரம் உறுத்தும், அது கீறலின் உறுத்தல். நேரம் போகப் போகக் குறைந்தால் கவலையில்லை. ஒரு நாள் ஆகியும் தீரவில்லை என்றால் போங்கள். பார்வை மங்கினாலோ, வெளிச்சம் பட்டால் கூசினாலோ, கருவிழியில் துகள் ஒட்டியிருந்தாலோ, சீழ் வந்தாலோ அந்த ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். லென்ஸ் போட்டவருக்கும் அப்படித்தான், அவர்களுக்குத் தொற்று வேகமாகப் பரவும்.

அங்கே மரத்துப்போகும் சொட்டு விட்டு, மேலிமையைப் புரட்டி, துகளை எடுத்துவிடுவார்கள். பிறகு ஒரு மஞ்சள் சாயம் விட்டு நீல ஒளியில் பார்த்தால் கீறல் பச்சையாக மின்னும். செங்குத்துக் கோடுகளாக இருந்தால் துகள் மேலிமைக்குள் இருந்திருக்கிறது என்று பொருள். அந்த மரக்கும் சொட்டை வீட்டுக்குக் கேட்டு வாங்காதீர்கள். அடிக்கடி விட்டால் புண் ஆறாது. சாதாரணக் கீறல் 1 முதல் 3 நாளில் ஆறிவிடும்; இரண்டாம் நாள் வலி கூடினால் அதே மருத்துவரிடம் திரும்பப் போய்க் காட்டுங்கள்.