அம்ஹாரிக்கில் காதல் குறிப்பு: ஹ-வா, ஷ-வா?

தமிழில் "உன்னை நேசிக்கிறேன்" என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. எத்தியோப்பியாவின் அம்ஹாரிக்கில் அப்படி இல்லை. ஆணிடம் "எவெதிஹாலெஹு", பெண்ணிடம் "எவெதிஷாலெஹு". எழுதுபவர் யாரென்பது கணக்கில்லை, படிப்பவர்தான் கணக்கு. ஆங்கில "ஹீ", "ஷீ" நினைவிருந்தால் போதும்.

பலர் சறுக்குவது பதிலில்தான். அவள் "எவெதிஹாலெஹு" என்று அனுப்ப, இவன் அதையே நகலெடுத்துத் திருப்பி அனுப்புவான், காதலி ஆணாகிவிடுவாள்! "இனேம் எவெதிஷாலெஹு" (நானும்தான்) என்று எழுத வேண்டும்.

காதலிக்கு ஒரு குட்டிக் குறிப்பு:

"யெனே ஃபிக்கிர், நாஃப்கெஷிஞ்ஞால். எவெதிஷாலெஹு."

என் அன்பே, உன் நினைவு வாட்டுகிறது, உன்னை நேசிக்கிறேன் என்று பொருள். காதலனுக்கானால் நடுச்சொல் "நாஃப்கெஹெஞ்ஞால்" ஆகும், கடைசிச் சொல்லில் ஷா, ஹா ஆகும். "யெனே ஃபிக்கிர்" மட்டும் இருவருக்கும் மாறாது.