மக்கள்தொகை பிரமிடைப் படிப்பது எப்படி: ஜப்பானின் 58 வயதுப் பள்ளத்தை வைத்து ஒரு செய்முறை

அக்கா மகள் புவியியல் பயிற்சிக்காக ஜப்பானின் 2024-ஆம் ஆண்டுப் பிரமிடை எடுத்துக்கொண்டு வந்தாள். "மாமா, இந்த இடத்துல மட்டும் யாரோ கடிச்சு வச்ச மாதிரி இருக்கே, ஏன்?" என்று விரலை வைத்துக் காட்டினாள். 58 வயதுப் பட்டை. மேலே, கீழே இருக்கும் பட்டைகளைவிட அது மட்டும் நன்றாக உள்ளே போயிருந்தது. நான் யோசிக்காமல் "போர்ல நிறைய பேர் செத்திருப்பாங்க" என்றேன். அவள் மனசுக்குள் கழித்துப் பார்த்துவிட்டு, "போர் 1945-ல முடிஞ்சுது. இவங்க பிறந்ததே 1966-ல, மாமா" என்றாள்.

அன்று பட்ட வெட்கத்தில் எழுதும் பதிவு இது. இடது பக்கம் ஆண்கள், வலது பக்கம் பெண்கள், கீழே குழந்தைகள், மேலே முதியவர்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி: சரியான படத்தை எடுங்கள்

எல்லோரும் போகும் இடம் populationpyramid.net. ஒரு நாட்டின் மொத்த வடிவத்தைச் சட்டென்று பார்க்க அது நல்ல தளம்தான். ஆனால் அதில் வயதை ஐந்தைந்தாகக் கட்டி வைத்திருப்பார்கள். 58 வயதுக்காரர்கள் 55–59 என்ற கட்டுக்குள் போய் மற்ற நான்கு வயதினரோடு கலந்துவிடுவதால், நான் சொல்லும் பள்ளம் அங்கே கண்ணில் படாது. இன்னொன்று, அங்கே பட்டைகள் விழுக்காட்டில் இருக்கும். நாடு மொத்தமாகச் சுருங்கினாலும் படம் சுருங்காது. இரண்டு ஆண்டுகளை ஒப்பிடும்போது இதில் ஏமாறுவது சுலபம்.

அதனால் ஒவ்வொரு வயதுக்கும் தனித்தனி எண்ணிக்கை உள்ள அட்டவணையை எடுத்து நாமே வரைவதுதான் என் கட்சி. ஜப்பான் அரசின் புள்ளியியல் அலுவலகம் ஆண்டுதோறும் அக்டோபர் 1-ஆம் தேதிக் கணக்காக இதை ஆங்கிலத் தலைப்புகளோடு வெளியிடுகிறது. எண்கள் ஆயிரங்களில் இருக்கும், அதைக் கவனியுங்கள். வரைய எனக்கு லிப்ரே ஆபிஸ் கால்க் போதும். ஆண்கள் எண்ணிக்கையைக் கழித்தல் குறியோடு மாற்றினால் பட்டை இடது பக்கம் போய்விடும்:

```
=-B2
```

அச்சில் கழித்தல் குறி தெரியாமலிருக்க எண் வடிவத்தை இப்படிக் கொடுங்கள்:

```
#,##0;#,##0
```

கிடைமட்டப் பட்டை வரைபடத்தைத் தேர்ந்தெடுத்து, Overlap 100, Spacing 0 என்று வைத்தால் பிரமிடு வந்துவிடும்.

இரண்டாம் படி: வயதைப் பிறந்த ஆண்டாக மாற்றுங்கள்

நான் வழுக்கிய இடம் இதுதான். பட்டையில் எழுதியிருப்பது வயது. ஆனால் நீங்கள் படிக்க வேண்டியது பிறந்த ஆண்டை. படத்தின் ஆண்டிலிருந்து வயதைக் கழித்து ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடுங்கள். எழுதிய உடனே, படம் ஒரு நாட்டின் எண்பது ஆண்டுக் கதையாக மாறிவிடும்.

75 முதல் 77 வயது வரை துருத்திக்கொண்டிருக்கும் பட்டைகள் 1947–49-இல் பிறந்தவர்கள். போர் முடிந்து வீரர்கள் வீடு திரும்பிய காலம் அது. ஆண்டுக்குச் சுமார் 27 லட்சம் குழந்தைகள் பிறந்தன. அவர்களுக்கு நேர் மேலே ஒடுங்கியிருப்பது போர் முடிந்ததை ஒட்டிய மாதங்களில் பிறந்தவர்கள். இன்னும் கீழே 50 முதல் 53 வயது வரை மறுபடி ஒரு வீக்கம் இருக்கிறது. அது 1971–74.

சரி, 1966? சீன–ஜப்பானிய நாட்காட்டியில் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் 'நெருப்புக் குதிரை' ஆண்டு அது. ஜப்பானிய மொழியில் ஹினோஎ உமா. அந்த ஆண்டில் பிறந்த பெண் கணவனுக்கு ஆகாது என்பது நம்பிக்கை. நம்மூரில் "பெண் மூலம் நிர்மூலம்" என்று சொல்லி ஜாதகத்தைத் திருப்பி அனுப்புகிறார்களே, அதே சங்கதி. ஆண் பிள்ளையா பெண் பிள்ளையா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழியில்லாத காலம். அதனால் பலர் அந்த ஆண்டு பிள்ளை பெறுவதையே தள்ளிப்போட்டார்கள். 1965-இல் 18 லட்சத்துக்கு மேல் இருந்த பிறப்பு 1966-இல் 13.6 லட்சத்துக்கு விழுந்து, 1967-இல் 19 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

கவனித்தால் அந்தப் பள்ளம் இரு பக்கமும் ஒரே அளவில் இருக்கும். போர்ச் சாவாக இருந்தால் ஆண்கள் பக்கம்தான் அதிகம் குழிந்திருக்கும். நான் அதையாவது பார்த்திருக்கலாம்.

*பிற்சேர்க்கை:* "57 வயதுப் பட்டையும் கொஞ்சம் குறைவாக இருக்கிறதே, கணக்கு தப்பா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். தப்பில்லை. கணக்கு எடுத்த நாள் அக்டோபர் 1. 1966 அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்களுக்கு அன்றைக்கு 58 நிறைந்திருக்காது. அதனால் பள்ளம் இரண்டு பட்டைகளில் பங்காகிறது, பெரும்பங்கு 58-இல்.

மூன்றாம் படி: பழைய படம் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள்

ஒரு பள்ளமோ மேடோ பிறப்பால் வந்ததா, வேறு காரணமா என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஜப்பானின் 1990 படத்தை எடுங்கள். அதே பள்ளம் 24 வயதில் இருக்கும். 34 ஆண்டில் 34 படி ஏறியிருக்கிறது. பிறப்பு விட்ட தடம் இப்படித்தான் ஆண்டுக்கு ஒரு படி ஏறும்.

ஏறாமல் அதே வயதில் நிற்கிறதா? அப்படியானால் காரணம் வேறு. ஐக்கிய அரபு அமீரகத்தின் படத்தைப் போட்டுப் பார்த்து, "முப்பது ஆண்டுக்கு முன்னால் அங்கே இத்தனை ஆண் குழந்தைகளா பிறந்தன?" என்று ஒரு வாசகர் கேட்டார். இல்லை, அவர்கள் வேலைக்கு வந்தவர்கள். நம்மூர் ஆட்களும் அதில் உண்டு. இளவயதில் வருகிறார்கள், வயதானதும் ஊர் திரும்புகிறார்கள், அந்த இடத்துக்கு அடுத்த இளைஞர் வருகிறார். அதனால் ஆண்கள் பக்க வீக்கம் மேலே ஏறுவதில்லை.

இன்னொருவர் இந்தியக் கணக்கெடுப்பை ஒவ்வொரு வயதாக வரைந்துவிட்டு, ரம்பப் பல் மாதிரி வருகிறது என்றார். 30, 40, 50, 60 எல்லாம் நீட்டிக்கொண்டிருக்கும், நடுவில் இருப்பவை உள்ளே போயிருக்கும். கணக்கெடுக்க வருபவரிடம் "எனக்கு ஒரு அம்பது இருக்கும்" என்று சொல்லும் பழக்கத்தின் தடம் அது. பத்தாண்டு கழித்து எடுத்தாலும் பல் அதே வயதுகளில்தான் நிற்கும். இந்தியப் படத்துக்கு மட்டும் நான் என் பிடிவாதத்தை விட்டு ஐந்து ஐந்தாகக் கட்டிய பட்டைகளையே எடுப்பேன்.

நான்காம் படி: பட்டைகளை மேலே நகர்த்துங்கள்

இங்கிருந்துதான் எதிர்காலம். இதில் உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

உறுதியானது முதுமை. 2024-இல் ஜப்பானின் மக்கள் 12 கோடியே 38 லட்சம், அதில் 65 வயதைத் தாண்டியவர்கள் 29 விழுக்காடு, 15 முதல் 64 வரை உள்ளவர்கள் ஏறக்குறைய 60 விழுக்காடு. அதாவது ஒரு முதியவருக்கு உழைக்கும் வயதினர் இருவர். இப்போது 50–53 வயது வீக்கத்தைப் பாருங்கள். 1974-இல் பிறந்தவர்களுக்கு 2039-இல் 65 ஆகிவிடும். அந்த வீக்கம் முழுவதும் உழைப்பவர் பக்கத்திலிருந்து முதியவர் பக்கத்துக்குத் தாண்டிவிடும், கீழிருந்து அந்த இடத்தை நிரப்ப அத்தனை பேர் வரப்போவதில்லை. இவர்கள் எல்லோரும் ஏற்கெனவே பிறந்து நடமாடுகிறவர்கள் என்பதால் இந்தக் கணக்கு அவ்வளவாகத் தப்பாது.

பிறப்பு அப்படி இல்லை. 1947–49-இல் பிறந்த பெண்கள் இருபதுகளின் நடுவில் தாயானபோது 1971–74 வீக்கம் வந்தது. அதே கணக்கில் அவர்களுடைய மகள்களால் 2000-ஐ ஒட்டி மூன்றாவது வீக்கம் வந்திருக்க வேண்டும். படத்தில் 24 வயதுப் பக்கம் பாருங்கள், அப்படி ஒன்றும் இல்லை. 1973-இல் 20.9 லட்சம் பிறப்பு, 2000-இல் 11.9 லட்சம்தான். சொத்து விலைக் குமிழி உடைந்து, அந்தத் தலைமுறைக்கு நிலையான வேலை கிடைப்பது அரிதாகி, கல்யாணம் தள்ளிப்போனது அல்லது நடக்காமலே போய்விட்டது. எத்தனை பேர் தாயாகும் வயதில் இருக்கிறார்கள் என்பதைப் பிரமிடு காட்டும். அவர்கள் எத்தனை பிள்ளை பெறுவார்கள் என்பதைக் காட்டாது.

இதன் மறுபக்கம்: ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தை 2.1 இருந்தால் தலைமுறை ஈடாகும் என்பார்கள். ஜப்பான் 1970-களின் நடுவிலேயே அதற்குக் கீழே போய்விட்டது. ஆனாலும் மக்கள்தொகை 2008-இல்தான் உச்சத்தைத் தொட்டது. அன்றைய பிரமிடில் நடுப்பகுதி அகலமாகவும் உச்சி ஒல்லியாகவும் இருந்ததுதான் காரணம். பெறுகிறவர்கள் ஏராளம், சாகிற வயதில் இருந்தவர்கள் கொஞ்சம். அடிப்பகுதி ஒடுங்கியதைப் பார்த்த உடனே "மக்கள்தொகை குறைகிறது" என்று எழுதிவிடாதீர்கள். அகலமான பட்டைகள் எந்த உயரத்தில் நிற்கின்றன என்பதையும் பாருங்கள்.

இப்போது கீழிருந்து ஒரு கணக்கு போடலாம். 2023-இல் ஜப்பானில் பிறந்தவை 7.27 லட்சம். அதில் பெண் குழந்தைகள் ஏறக்குறைய 3.55 லட்சம். இவர்களுக்கு 2053-இல் 30 வயது. 2023-இல் 30 வயதில் இருந்தவர்கள் 1993-இல் பிறந்தவர்கள், அந்த ஆண்டுப் பிறப்பு 11.88 லட்சம், பெண்கள் சுமார் 5.8 லட்சம். ஆக, தாயாகும் வயதினர் நூறுக்கு அறுபதாகச் சுருங்குகிறார்கள். 2023-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.20 குழந்தை. 2053-இலும் அதே 7.27 லட்சம் பிறக்க வேண்டுமென்றால் அது 1.96 ஆக வேண்டும்:

```
1.20 × 5.8 / 3.55 = 1.96
```

வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறுகிறவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஜப்பானில் அந்த எண்ணிக்கை கூடிவருகிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் இளவயதினர், ஆகையால் இருபதுகளின் பட்டையை அது கொஞ்சம் தடிக்க வைக்கும்.

பயிற்சிக்கு ஒன்று. நெருப்புக் குதிரை ஆண்டு மறுபடி வருவது 2026. 2030 அக்டோபர் படம் வெளிவந்ததும் 3, 4 வயதுப் பட்டைகளைப் பாருங்கள். இன்றைய அடிப்பகுதி ஏற்கெனவே ஆண்டுக்கு ஆண்டு உள்ளே போய்க்கொண்டிருப்பதால் 4 வயது குறைந்திருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. அதற்குக் கீழே உள்ள 2 வயதுப் பட்டை அதைவிட நீளமாக இருந்தால்தான் அது 1966-இன் பள்ளம் போன்றது. அக்கா மகள் பள்ளம் இருக்காது என்கிறாள்.