ஜப்பான் ரயில் பாஸ்: வாங்குவதற்கு முன் செய்யும் தவறுகள்

வேலூர், குடியாத்தம், ராணிப்பேட்டைப் பக்கமிருந்து பிள்ளைகளைப் பார்க்க ஜப்பான் போகிற பெற்றோருக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில்களில் ஒன்று. பெரும்பாலும் விமான டிக்கெட்டும் விசாவும் முடிந்த பிறகுதான் என்னிடம் வருகிறார்கள். அதற்குள் ரயில் பாஸையும் வாங்கிவிட்டிருப்பார்கள். ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டால், "எல்லோரும் வாங்குகிறார்களே" என்பதுதான் பதில்.

கடவுச்சீட்டை மறப்பது, ரயிலைத் தவறவிடுவது போன்றவற்றை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பணத்தைக் கரைக்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பழைய விலையை நம்புவது

ஜப்பான் முழுவதும் ஜே.ஆர். என்கிற ஜப்பான் ரயில்வே குழுமத்தின் ரயில்களில் போகலாம் என்கிற 7 நாள் பாஸ் ஒரு காலத்தில் 29,650 யென். டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்த் திரும்பினாலே ஏறக்குறைய அந்தப் பணம் வந்துவிடும். கூடுதலாக ஓர் ஊர் பார்த்தால் லாபம்தான். 2023 அக்டோபரில் அதே பாஸின் விலை 50,000 யென் ஆனது. சொந்தக்காரர் வாயிலாகவும் பழைய வீடியோக்கள் வாயிலாகவும் வரும் "கண்ணை மூடிக்கொண்டு வாங்கு" என்ற அறிவுரை அந்தப் பழைய விலைக்கு உரியது. இங்கே நான் தரும் எண்கள் எல்லாம் அந்த உயர்வுக்குப் பிந்தையவை. நீங்கள் வாங்கும் அன்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இறங்கிய அன்றே பாஸைத் தொடங்குவது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இதுதான்.

குடியாத்தத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் ஒசாகாவில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்கப் போனார்கள். போவது நரிட்டா விமான நிலையம், திரும்புவது ஒசாகாவுக்கு அருகிலுள்ள கன்சாய். முதல் மூன்று நாள் டோக்கியோ, நான்காம் நாள் கியோட்டோ, ஏழாம் நாள் ஒசாகா, எட்டாம் நாள் ஹிரோஷிமா போய்த் திரும்புவது, பதினொன்றாம் நாள் விமானம். நல்ல திட்டம். சென்னையில் ஒரு பயண நிறுவனம் ஆளுக்கு ஒரு 7 நாள் பாஸை அவர்கள் தலையில் கட்டிவிட்டது.

நரிட்டாவில் இறங்கியதும் தலைமையாசிரியர் சென்னையில் வாங்கிய ரசீதைக் கவுன்டரில் கொடுத்து, அன்றைய தேதியையே தொடக்கத் தேதியாகப் போட்டுப் பாஸாக மாற்றி வாங்கிவிட்டார். நகருக்குள் போகும் நரிட்டா எக்ஸ்பிரஸுக்கு 3,070 யென் மிச்சமாகிறது என்று மகிழ்ச்சி. பாஸின் நாட்கள் இடைவெளியில்லாமல் ஓடுபவை. பயணம் செய்யாத நாளும் கழியும். 24 மணி நேரக் கணக்கும் கிடையாது. மாலையில் இறங்கினாலும் அது ஒரு நாள்தான், நள்ளிரவோடு போய்விடும்.

ஏழாம் நாள் இரவு பாஸ் காலாவதி ஆனது. மறுநாள் காலை ஹிரோஷிமா.

ஆளுக்கு 50,000 யென்னில் அவர் அனுபவித்தது என்ன? விமான நிலைய ரயில் 3,070. டோக்கியோ – கியோட்டோ சுமார் 14,000. கியோட்டோ – ஒசாகா சாதாரண விரைவு ரயில் 600 யென்னுக்கும் குறைவு. டோக்கியோவில் சில சுற்றுகளைச் சேர்த்தாலும் 20,000 வராது. பாஸ் உண்மையாகவே உதவியிருக்கக்கூடிய ஹிரோஷிமாவுக்கு ஒசாகாவின் ஷின்-ஒசாகா நிலையத்திலிருந்து போகவும் வரவும் ஆளுக்குச் சுமார் 22,000 யென் தனியாகக் கட்டினார். ஊர் திரும்பியதும், "இதை யாரும் சொல்லவே இல்லையே தம்பி" என்றார். விற்றவர் சொல்லியிருக்க வேண்டும். தேதி எழுதுகிற இடத்தில் எந்த நாளைப் போடுவது என்பதைவிட முக்கியமான கேள்வி அந்தப் பாஸில் வேறில்லை. ரசீதை மாற்றும்போது அடுத்த ஒரு மாதத்துக்குள் வருகிற எந்தத் தேதியையும் தொடக்கமாகக் கேட்கலாம்.

சரி, தேதியைச் சரியாகப் போட்டிருந்தால்? அப்போதும் நட்டம்தான். நான்காம் நாள் தொடங்கினால் கியோட்டோவும் ஹிரோஷிமாவும் உள்ளே வரும். 14,000, 600, 22,000, அங்கங்கே சில்லறைப் பயணங்கள். நாற்பதாயிரத்தைத் தாண்டாது. பயணம் ஒருவழிப் பாதையாக, ஓர் ஊரில் இறங்கி வேறோர் ஊரில் ஏறுவதாக இருந்தால் 50,000 யென் பாஸ் எடுபடுவது கடினம்.

அவருக்கு நான் போட்டிருக்கக்கூடிய கணக்கு இது. நரிட்டா எக்ஸ்பிரஸ், கியோட்டோ போகும் ஷின்கான்சென் என்கிற அதிவேக ரயில் இரண்டுக்கும் தனி டிக்கெட், சுமார் 17,000 யென். ஏழாம் நாள் முதல் கன்சாய் – ஹிரோஷிமா வட்டாரப் பாஸ், 5 நாளுக்கு 17,000 யென். அந்த ஐந்து நாளில் கியோட்டோவிலிருந்து ஒசாகா, மறுநாள் ஹிரோஷிமாவும் மியாஜிமா படகும், அப்புறம் ஹிமேஜி கோட்டை, நாரா, கடைசி நாள் கன்சாய் விமான நிலையத்துக்குப் போகும் ஹருகா ரயில், எல்லாம் அதிலேயே அடங்கும். மொத்தம் சுமார் 34,000. அவர் செலவழித்தது 72,000 யென்னுக்கு மேல். இருவருக்கும் சேர்த்து வித்தியாசம் ஏறக்குறைய 76,000 யென்.

காட்பாடி பயத்தோடு ஜப்பான் போவது

பாஸ் வாங்குவதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு பயம் இருக்கிறது. காத்திருப்போர் பட்டியலும் தட்காலும் பார்த்துப் பழகிய நமக்கு, அங்கே போய் டிக்கெட் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று தோன்றுகிறது. டோக்கியோ – ஒசாகா தடத்தில் நோசோமி என்கிற ஷின்கான்சென் ரயில்கள் நெரிசல் நேரத்தில் மணிக்குப் பத்துக்கு மேல் ஓடுகின்றன. அன்றைக்கு நிலையத்துக்குப் போய் இயந்திரத்தில் வாங்கினாலும், கட்டணம் பருவத்துக்கேற்பச் சில நூறு யென் மாறுமே தவிர விமானம் போல ஏறாது. புத்தாண்டு, ஏப்ரல் கடைசியில் தொடங்கும் பொன் வாரம், ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் ஆகிய மூன்று காலங்களில் மட்டும் முன்பதிவு அவசியம்.

இன்னொரு விஷயம். பாஸ் வைத்திருப்பவர் நோசோமியில் ஏற வேண்டுமானால் கூடுதல் கட்டணம் உண்டு. டோக்கியோ – கியோட்டோவுக்கு 4,960 யென். கட்ட மனமில்லாதவர் மணிக்கு இரண்டு என்கிற அளவில் வரும் ஹிகாரி என்கிற இன்னொரு ஷின்கான்சென் ரயிலுக்காகக் காத்திருக்க வேண்டும். ஹிரோஷிமா வரை என்றால் வழியில் ரயில் மாறவும் வேண்டும். தனி டிக்கெட்காரர் வந்த ரயிலில் ஏறிப் போகிறார்.

மகனுக்கும் சேர்த்து வாங்குவது

அங்கே வேலை விசாவில் இருப்பவருக்கு இந்தப் பாஸ் கிடையாது.

எல்லா ரயிலும் இதில் அடக்கம் என்று நினைப்பது

டோக்கியோ மெட்ரோ, ஒசாகா மெட்ரோ, கியோட்டோ நகரப் பேருந்து எதுவும் அடங்காது. இவற்றுக்கு சுயிகா போன்ற கட்டண அட்டை தனியாக வேண்டும்.

பாஸை வேண்டவே வேண்டாம் என்று சொல்வது

இதுவும் தவறுதான். டோக்கியோவில் இறங்கி டோக்கியோவிலேயே ஏறுபவர், நடுவில் ஃபுகுவோகா வரை போகிறார் என்று வையுங்கள். ஒரு வழிக்கே 23,000 யென்னுக்குச் சற்றுக் குறைவாகவோ கூடுதலாகவோ ஆகும். போகும்போது ஹிரோஷிமாவிலும் வரும்போது கியோட்டோவிலும் இறங்கி, பக்கத்து ஊர்கள் இரண்டையும் பார்த்து, எல்லாவற்றையும் ஏழு நாளுக்குள் முடித்தால் 50,000 தாண்டும். அப்படிப் போகிறவருக்கு நானே பாஸ் வாங்கச் சொல்கிறேன். ஆனால் அறுபதைக் கடந்தவர்கள் பாஸின் பணத்தை மீட்பதற்காகவே நாளுக்கு ஐந்து மணி நேரம் ரயிலில் உட்காருவதை நான் எழுதித் தருவதில்லை.

பெட்டி

நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு டோக்கியோ – ஃபுகுவோகா ஷின்கான்சென் தடத்தில் அதற்கென உள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கூடுதல் கட்டணம் இல்லை. செய்யாமல் ஏறினால் 1,000 யென். ஊறுகாயும் அரிசி மாவும் அடைத்த பெட்டியை வீட்டிலேயே அளந்துவிட்டுக் கிளம்புங்கள்.