டிரைவ் ஓடும் ஆலையில் கெப்பாசிட்டர் பேங்க்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம் பக்கம் இறாலும் கணவாயும் உறைய வைக்கும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். 500 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், இம்பிடன்ஸ் 5 சதவீதம். லோடு 400 கிலோவாட். கம்ப்ரசர்களில் சில டிரைவில் ஓடுகின்றன. பவர் ஃபேக்டரை 0.82-இலிருந்து 0.98-க்கு ஏற்ற 400 × (0.698 − 0.203), அதாவது சுமார் 200 கேவிஏஆர் வேண்டும்.

இந்த 0.82-ஐ மின்கட்டண பில்லிலிருந்து எடுக்காதீர்கள். அனலைசரில் 50 ஹெர்ட்ஸுக்கு மட்டும் தனியாகக் காட்டும் காஸ் ஃபையைத்தான் எடுக்க வேண்டும். ஹார்மானிக்கால் குறைந்த பவர் ஃபேக்டரைக் கெப்பாசிட்டர் சரிசெய்யாது.

அடுத்த தவறு, 200 கேவிஏஆருக்கும் ரியாக்டர் இல்லாத வெறும் கெப்பாசிட்டர் வாங்கி மாட்டிவிடுவது. டிரான்ஸ்ஃபார்மரின் ஷார்ட் சர்க்யூட் திறன் 500 ÷ 0.05 = 10,000 கேவிஏ. ரெசனன்ஸ் எத்தனையாவது ஹார்மானிக்கில் விழும் என்பதற்கான கணக்கு √(10000 ÷ 200) = 7.07. ஆறு டையோடு டிரைவ் உமிழ்வதே 5, 7, 11, 13-ஆம் ஹார்மானிக்குகள். ரெசனன்ஸ் ஏறக்குறைய ஏழின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. பேங்கில் ஒவ்வொன்றாகச் சேரும் படிகளைக் குறைத்தாலும் தப்ப முடியாது: 75 கேவிஏஆர் மட்டும் சேர்ந்திருக்கும்போது 11.5, பதினொன்றுக்குப் பக்கத்தில். 440 வோல்ட்டில் 33 ஆம்பியர் இழுக்க வேண்டிய 25 கேவிஏஆர் படியில், ட்ரூ ஆர்எம்எஸ் கிளாம்ப் மீட்டர் 43-ஐத் தாண்டினால் அது 1.3 மடங்கு வரம்பைக் கடந்துவிட்டது. ஃபியூஸ் போவதும் கெப்பாசிட்டர் உப்புவதும் அதன் பின்விளைவுகள்.

ஐந்தாம் ஹார்மானிக்கே பெரிதாக இருப்பதால் இங்கே ஒவ்வொரு படியிலும் கெப்பாசிட்டரோடு தொடராகப் போடும் 7 சதவீத ரியாக்டர் பொருந்தும். அது ஒவ்வொரு படியையும் 50 ÷ √0.07 = 189 ஹெர்ட்ஸில் டியூன் செய்கிறது. அதற்கு மேல் படி இண்டக்டர் போல நடந்துகொள்வதால் 250 ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் ரெசனன்ஸ் எழாது.

அதிகம் பேர் சறுக்குவது கெப்பாசிட்டரின் வோல்ட்டேஜில். ரியாக்டர் சேர்ந்தால் கெப்பாசிட்டருக்கு வரும் வோல்ட்டேஜ் 1 ÷ 0.93 மடங்கு, 440 இருந்தால் 473. ஹார்மானிக் அதற்கும் மேல். ஆகவே 525 வோல்ட் கெப்பாசிட்டர்தான் போட வேண்டும். ஆனால் 25 கேவிஏஆர் என்று அச்சிட்ட 525 வோல்ட் கெப்பாசிட்டர் ரியாக்டரோடு 440-இல் 19 கேவிஏஆர்தான் தரும். 25 கிடைக்க வேண்டுமென்றால் 33.1 கேவிஏஆர், 525 வோல்ட் என்று கேட்டு வாங்குங்கள். ரியாக்டர் அந்த மைக்ரோஃபாரடுக்குக் கணக்கிட்டது. அதை விட்டு 25-ஐ மாட்டினால் டியூனிங் 189-இலிருந்து 217-க்கு நகர்கிறது. ஐந்தாம் ஹார்மானிக் கரண்ட் அந்தப் படிக்குள் கூடுதலாகப் பாய்ந்து ரியாக்டர் கொதிக்கும். பழுதானதை மாற்றும்போதும் இதே கவனம் வேண்டும்.

பழைய 50 கேவிஏஆர் வெறும் கெப்பாசிட்டரை “இருக்கட்டுமே” என்று அதே பஸ்பாரில் விட்டுவைப்பதும் வேண்டாம். அது தனியாக வேறொரு ரெசனன்ஸை உண்டாக்கும். கழற்றிவிடுங்கள், அல்லது அதற்கும் ரியாக்டர் போடுங்கள்.

ரியாக்டர் சூடாகும் பொருள். அதனால் பேனலுக்குக் காற்று வேண்டும்; ஆனால் இந்தக் கரையில் அது உப்புக் காற்று. பேனலைக் கடல் பக்கச் சுவரில் வைக்காதீர்கள், ஃபேன் ஃபில்டரை அடிக்கடி மாற்றுங்கள். ரியாக்டருக்குள் உள்ள தெர்மல் சுவிட்சைக் கான்டாக்டர் காயிலோடு தொடராக இணைக்க வேண்டும். வயர் இணைக்கப்படாமல் தொங்கும் பேனல்கள் நிறையவே உண்டு.

ஜெனரேட்டர் ஓடும்போது பேங்க் முழுவதும் கழன்றிருக்கும்படி இண்டர்லாக் வையுங்கள். லோடு குறைந்த நேரத்தில் கெப்பாசிட்டர் ஒட்டியிருந்தால் ஜெனரேட்டர் வோல்ட்டேஜ் ஏறிவிடும்.