குறைந்த வேன்களில் பார்சல்களை ஏற்ற ‘ஃபர்ஸ்ட் ஃபிட் டிக்ரீசிங்’ முறை

ஒரே அளவுள்ள வேன்கள் பல நிற்கின்றன. வெவ்வேறு கன அளவுள்ள பார்சல்கள் காத்திருக்கின்றன. எத்தனை வேன்கள் போதும் என்பதற்கு மிகச் சரியான விடையைக் கண்டுபிடிப்பது, பார்சல்களின் எண்ணிக்கை கூடும்போது கணினிக்கே கடினமாகிவிடும். ஆனால் நல்ல விடை ஒன்றை மிக விரைவில் தரும் எளிய முறை உண்டு. பார்சல்களைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் முதல் வேனிலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, இடம் இருக்கும் முதல் வேனிலேயே ஏற்றிவிட வேண்டும். எதிலும் இடமில்லை என்றால் மட்டும் புதிய வேனை எடுக்க வேண்டும்.

படி 1: அளவெடுத்தல்

நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் அளந்து பெருக்கி, 1728 ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். 48 × 36 × 60 அங்குலப் பெட்டி 60 கன அடி. பெட்டி புடைத்திருந்தால் புடைத்த இடத்தில்தான் அளக்க வேண்டும். வேனின் முழுக் கொள்ளளவைக் கணக்கில் எடுக்காதீர்கள். பெட்டிகளுக்கிடையே சந்து விழத்தான் செய்யும். ஆகவே உங்கள் வேனில் வழக்கமாக எவ்வளவு சரக்கு உண்மையில் ஏறுகிறதோ, அந்த அளவையே வரம்பாக வையுங்கள். இங்கே அதை 200 கன அடி என்று கொள்வோம்.

படி 2: வரிசைப்படுத்துதல்

பார்சல்கள் வந்த வரிசை 60, 25, 75, 40, 110, 50, 120, 90 என்க. இவற்றை வந்தபடியே ஏற்றினால், முதல் நான்கும் சேர்ந்து முதல் வேனை இம்மி இடமில்லாமல் நிரப்பிவிடும். பார்வைக்கு மிக நல்ல லோடு. கெடுதல் தொடங்குவதும் அங்கேதான். ஏனெனில், பின்னால் வரும் பெரிய பெட்டிகளுக்குப் பக்கத்து இடைவெளிகளை அடைக்க வேண்டிய சிறியவை முன்னதாகவே தீர்ந்துவிடுகின்றன. 110, 50 இரண்டும் இரண்டாம் வேனில் ஏற, 120 மூன்றாவதிலும் 90 நான்காவதிலும் தனியாகப் போகும்.

இறங்குவரிசையில் வைத்தால் 120, 110, 90, 75, 60, 50, 40, 25 என்றாகும்.

படி 3: ஏற்றுதல்

120 முதல் வேனில் ஏறுகிறது. அங்கே 80 மிச்சம். 110 அதில் அடங்காது என்பதால் இரண்டாம் வேன், அங்கே 90 மிச்சம். அடுத்த 90க்கு முதல் வேனில் இடமில்லை, இரண்டாவதில் கச்சிதமாகப் பொருந்துகிறது. 75 முதல் வேனுக்கே திரும்பிப் போகிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் தடுமாறுவது இங்கேதான்: கடைசியாக ஏற்றிய வேனிலிருந்து தேடக்கூடாது, ஒவ்வொரு முறையும் முதல் வேனிலிருந்தே தேட வேண்டும். மீதமுள்ள 60, 50, 40, 25 நான்கும் மூன்றாம் வேனில் அடங்கிவிடுகின்றன.

பைத்தானில் இது இவ்வளவுதான்:

```python
def ffd(sizes, cap):
    vans = []
    for s in sorted(sizes, reverse=True):
        for v in vans:
            if sum(v) + s <= cap:
                v.append(s)
                break
        else:
            vans.append([s])
    return vans

print(ffd([60, 25, 75, 40, 110, 50, 120, 90], 200))
```

விடை `[[120, 75], [110, 90], [60, 50, 40, 25]]` என்று வரும். 200ஐ விடப் பெரிய பார்சல் ஒன்று பட்டியலில் இருந்தால், இந்த நிரல் எதுவும் சொல்லாமல் அதற்கும் ஒரு வேனை ஒதுக்கிவிடும். அத்தகையவற்றை முன்பே பிரித்தெடுத்துவிடுங்கள்.

படி 4: விடையைச் சோதித்தல்

மொத்தக் கன அளவை வேனின் வரம்பால் வகுத்து, மேல்நோக்கி முழு எண்ணாக்குங்கள். இங்கே 570 / 200 = 2.85, அதாவது குறைந்தது 3 வேன்கள் வேண்டும். நம் விடையும் 3. இதைவிடக் குறைக்க யாராலும் முடியாது.

எப்போதும் இப்படி அமையாது. 60 கன அடியில் நான்கும் 40 கன அடியில் நான்கும் இருந்தால் மொத்தம் 400, இரண்டு வேன்கள் போதும். இம்முறையோ முதல் வேனில் மூன்று 60, இரண்டாவதில் ஒரு 60, மூன்று 40 என்று ஏற்றி, இரண்டிலும் இருபது இருபதை வீணாக்கி, கடைசி 40க்காக மூன்றாவது வேனைக் கேட்கும். இந்தத் தவறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் எல்லை உண்டு. 2007இல் கணிதவியலாளர் கியோர்கி தோசா நிறுவியபடி, மிகச் சிறந்த விடையின் 11/9 மடங்கோடு 6/9ஐக் கூட்டினால் வரும் எண்ணை இம்முறை ஒருபோதும் தாண்டாது. ஒன்பது வேன்கள் போதுமான இடத்தில் பதினொன்றுக்கு மேல் கேட்காது.

ஆகவே கிடைத்த விடை படி 4இன் எண்ணைவிடக் கூடுதலாக இருந்து, கடைசி வேன் ஏறக்குறையக் காலியாகக் கிடந்தால், கையால் ஓர் இடமாற்றம் செய்து பாருங்கள். மேலே சொன்ன லோடில், முதல் வேனின் ஒரு 60ஐயும் இரண்டாம் வேனின் ஒரு 40ஐயும் மாற்றினால், இரண்டாம் வேன் சரியாக 200 ஆகும். முதல் வேனில் 40 இடம் திறக்கும். மூன்றாவதில் தனியாக இருந்த பார்சல் அங்கே ஏறிவிடும்.