ஏக்கர் கணக்கில் கைவெட்டும் மெசின்வெட்டும்: கணக்குப் பிசகும் இடங்கள்

தம்பலகாமம், மூதூர் பக்கத்து வயல்களில் பெரும்போக வெட்டு நெருங்கும்போது, “வெட்டுக்கூலி 25,000, மெசினுக்கு 15,000, ஏக்கருக்கு 10,000 மிச்சம்” என்று வாயால் கணக்குப் போட்டுவிடுகிறோம். பிழை அங்கேதான் தொடங்குகிறது. மெசின் வெட்டி, அடித்து, தூற்றித் தருகிறது. வெட்டுக்கூலியோ உப்பட்டி வயலில் கிடக்கும் இடத்திலேயே நின்றுவிடுகிறது. இரண்டு கணக்கும் காய்ந்த நெல் மூடையில் முடிய வேண்டும்.

ஒரு ஏக்கரை எடுத்துப் பார்ப்போம். தொகைகள் வழியைக் காட்டுவதற்கு மட்டுமே; உங்கள் ஊர்க் கூலியைப் போட்டுக்கொள்ளுங்கள். நாட்கூலி 2,500 ரூபா. கைவெட்டில் வெட்ட 10 ஆள், உப்பட்டி கட்டிச் சுமந்து சூடு வைக்க 5 ஆள், இரண்டும் 37,500. சூடடிக்கும் மெசினுக்கு 7,000, சாப்பாடு தேநீருக்கு 6,000, காயவைக்க 1 ஆள். மொத்தம் 53,000. மெசின்வெட்டில் வாடகை 15,000. மெசின் போகாத மூலைகளை வெட்ட 1 ஆள், மூடை பிடிக்க 2 ஆள், காயவைக்க 4 ஆள். மொத்தம் 32,500. மிச்சம் 10,000 அல்ல, 20,500. வீட்டு ஆட்கள் இறங்கினாலும் அவர்கள் நாளையும் கூலியாகவே எழுதுங்கள்.

காயவைக்கும் ஆள் ஏன் கூடுகிறது? கையால் வெட்டிய கதிர் வெயிலில் கிடந்து ஈரம் இறங்கிவிடும். மெசின் நெல் பச்சையாகவே மூடைக்குள் போகிறது. 22 சதவீத ஈரத்தில் 1,000 கிலோ நிறுத்த நெல், 14 சதவீதத்துக்கு வந்ததும் ஏறத்தாழ 907 கிலோதான். பச்சை நெல்லின் எடையைக் காய்ந்த நெல்லின் எடையோடு ஒப்பிட்டு “மெசினில் விளைச்சல் கூட” என்று நம்புவது இரண்டாவது தவறு.

அடுத்தது, வயலில் கொட்டும் நெல்லைக் கணக்கில் விடுவது. இதைக் கண்ணால் மதிக்க முடியாது, எண்ணத்தான் வேண்டும். மெசின் ஒரு ஓட்டம் போனதும், அது வெட்டிய அகலத்தில் மூன்று நான்கு இடங்களில் ஒரு மீற்றர் சதுரம் குறித்து, வைக்கோலை உதறி விலக்கி, கிடக்கும் முற்றிய மணிகளை எண்ணிச் சராசரி எடுங்கள். வெட்டாத பக்கத்தில் தானாக உதிர்ந்து கிடப்பதைக் கழித்துவிடுங்கள். நடுத்தர நாட்டு நெல் 1,000 மணி ஏறத்தாழ 25 கிராம். ஆகவே சதுர மீற்றருக்கு 100 மணி என்றால் ஏக்கருக்கு 10 கிலோ. 400 மணி என்றால் 40 கிலோ. வைக்கோலோடு நல்ல மணி பறந்தால் காற்று கூடிவிட்டது. கதிரில் மணி ஒட்டியே வந்தால் அடிப்பது போதவில்லை. ஓட்டுநரை அந்த இடத்திலேயே நிறுத்திச் சொல்லுங்கள், வெட்டி முடிந்தபின் சொல்லிப் பயனில்லை. கைவெட்டிலும் உப்பட்டி சுமக்கும்போது உதிரும், அதையும் இதே போல எண்ணுங்கள்.

சாய்ந்த பயிரும் சேறும் இந்தக் கணக்கையே புரட்டிவிடும். அங்கே மெசின் மெதுவாகத்தான் ஊரும். மணிக்கூலி பேசியிருந்தால் வாடகை ஏறிக்கொண்டே போகும், ஆகவே அப்படியான வயலுக்கு ஏக்கர் விலையை முன்கூட்டியே பேசி முடியுங்கள்.

மாடு வைத்திருப்பவர் வைக்கோலையும் எழுத வேண்டும். சூடடித்த இடத்தில் அது குவியலாகக் கிடைக்கும். மெசின் வயல் முழுக்கச் சிதறிவிடுவதால், சேர்த்துக் கட்டும் கூலியை மெசின் பக்கத்தில் கூட்டுங்கள்.